பாட்டிலில் பெட்ரோல் தர மறுக்கிறார்கள்: சட்டமா, பயமா, நிலைமின்சாரமா?

எலுமிச்சைத்தோட்டம் (தொடக்கப் பதிவு)

புளியங்குடிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் எலுமிச்சை வைத்திருக்கிறேன். களை வெட்டும் இயந்திரம் ஒன்றும் பெட்ரோலில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்றும் உண்டு. வாரத்துக்கு மூன்று, நான்கு லிட்டர் பெட்ரோல் போதும். பங்க் ஒன்பது கிலோமீட்டர் தூரம்.

இத்தனை வருடமாக இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலில்தான் வாங்கி வந்துகொண்டிருந்தேன். போன வாரம் பம்பில் நின்ற பையன், "பாட்டிலுக்குக் கிடையாது அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டான். ஏன் என்று கேட்டால், "நிலைமின்சாரம் வந்து தீப்பிடிக்கும்" என்கிறான். பக்கத்தில் வண்டிக்குப் போட வந்த ஒருவர், "பெட்ரோல் குண்டு செய்வார்கள் என்று போலீஸ் தடை போட்டிருக்கிறது" என்றார். மேலாளரோ, "கம்பெனி ரூல்" என்று மட்டும் சொன்னார். ஒரு பாட்டிலுக்கு மூன்று காரணம்.

களை இயந்திரத்தை ஒன்பது கிலோமீட்டர் தள்ளிக்கொண்டா போக முடியும்? உண்மையான விதி என்ன? நிலைமின்சாரம் என்பது நிஜமா, கதையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மதுரை மச்சக்காளை

நிஜம்தான். அதனால்தான் பங்க்கில் செல்போன் பேசக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். செல்போன் அலை பட்டால் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றினால் பாட்டில் உருகிவிடும் என்பது இன்னொரு காரணம். இரும்புக் கேன் எடுத்துப் போங்கள். இரும்பு என்றால் எங்கே வைத்து நிரப்பினாலும் பயமில்லை, மின்சாரம் அதில் நிற்காது.

---

பழைய டிப்போக்காரன்

முப்பத்தோரு வருடம் எண்ணெய் நிறுவனக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் கடைசி ஒன்பது வருடம் பாதுகாப்புப் பிரிவு. மச்சக்காளை தம்பி சொன்ன நான்கில் ஒன்று பாதி சரி, மீதி தவறு. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பாட்டில். குளிர்பானப் பாட்டில் பெட்ரோல் பட்டதும் உருகிவிடாது. உருகுவது தெர்மோகோல் டம்ளர். அதைப் பார்த்தவர்கள் எல்லா பிளாஸ்டிக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாட்டிலின் பலவீனம் வேறு. சுவர் மெல்லியது, கீழே விழுந்தால் பிளக்கும். மூடி சோடாவைத் தாங்கும் ஒரு மெல்லிய உறையை நம்பி நிற்கிறது. பெட்ரோல் ஆவி அதன் ஓரமாகக் கசிந்து வரும். பையில் தொங்கவிட்டு ஒன்பது கிலோமீட்டர் வெயிலில் வந்தால், பை முழுக்க ஆவிதான். பை சைலன்சர் பக்கம் ஆடினால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது நிரப்பும் வேகம். பம்பின் நாசில் முழுதாக அழுத்தினால் நிமிடத்துக்கு 30 முதல் 40 லிட்டர் வரை வரும். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு விநாடியில் நிரம்பிவிடும். வண்டித் தொட்டி நிரம்பியதும் நாசில் 'டக்' என்று தானாக நின்றுவிடுகிறது அல்லவா? நாசிலின் முனையில் ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதைப் பெட்ரோல் மூடினால்தான் அந்த அமைப்பு வேலை செய்யும். குறுகிய வாய் உள்ள பாட்டிலில் நாசில் உள்ளேயே நுழையாது. மேலே பிடித்துக்கொண்டு ஊற்றுவார்கள். தானாக நிற்பதற்கு வழியே இல்லை. ஆகவே பொங்கி வழியும். பையனின் கை, உங்கள் கை, செருப்பு எல்லாம் நனையும்.

நிலைமின்சாரத்துக்கு இரவு வருகிறேன். கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம் அது.

---

குமாஸ்தா

வக்கீல் அலுவலகத்தில் இருபது வருடம். சட்டம் பற்றி மட்டும் பேசுகிறேன்.

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம், எட்டாவது பிரிவு. விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்கவும் கொண்டுபோகவும் உரிமம் தேவையில்லை. ஆனால் அதே பிரிவு, எதில் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலம். கண்ணாடியும் பீங்கானும் ஒரு லிட்டருக்கு மேல் போகக் கூடாது. உலோகம் என்றால் 25 லிட்டர் வரை.

பிளாஸ்டிக் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. 1934இல் பிளாஸ்டிக் கேனை யார் கண்டார்கள்? ஆகவே எலுமிச்சைத்தோட்டம் அண்ணாச்சி ஐந்து லிட்டர் தகர டின்னில் கொண்டுபோனால் பிரிவு எட்டு அவருக்கு நிழல் கொடுக்கிறது. குளிர்பானப் பாட்டிலில் கொண்டுபோனால் கொடுக்காது. அளவு சின்னதாக இருந்தாலும் கலம் தவறு.

ஊர் எல்லையில் பெட்டிக்கடை வைத்து மதுபாட்டிலில் பெட்ரோல் விற்கிறார்களே, அவர்கள் "நாங்கள் 30 லிட்டருக்குள்தான் வைத்திருக்கிறோம்" என்பார்கள். அது செல்லாது. இந்த விலக்கு விற்பனைக்கு இல்லை என்று பிரிவே தெளிவாகச் சொல்லிவிட்டது.

ரயிலில் எந்தக் கலத்திலும் வேண்டாம். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 164: மூன்று வருடம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

---

எலுமிச்சைத்தோட்டம்

குமாஸ்தா ஐயா, அப்படியானால் தகர டின் கொண்டுபோனால் பங்க்காரர் கொடுத்தே ஆக வேண்டுமா?

---

குமாஸ்தா

அதைத்தான் நான் சொல்லவில்லை. நீங்கள் வைத்திருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அவர் உங்களுக்கு டின்னில் விற்றே தீர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அவருடைய உரிமத்துக்கு நிபந்தனைகள் உண்டு. எண்ணெய் நிறுவனத்தின் உத்தரவு உண்டு. ஏதாவது கலவரம், பெட்ரோல் குண்டு வீச்சு நடந்தால் காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் சில்லறையாகக் கொடுக்காதே என்று வாய்மொழியாகவோ எழுத்திலோ சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் நின்றவர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கலாம். உங்கள் மாவட்டத்தில் இப்போது அப்படி ஓர் உத்தரவு இருக்கிறதா என்று பங்க் மேலாளரிடமே, காகிதத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

---

திருப்பூர் மீனா

என் அனுபவம் ஒன்று. மாசி மாதம், காற்று காய்ந்து கிடக்கும் நேரம். நைலான் கலந்த புடவை கட்டியிருந்தேன். காரில் துணி உறை போட்ட இருக்கை. பங்க்கில் இறங்கி, எரிபொருள் மூடிக்குச் சாவி கொடுக்கக் கதவைத் தொட்டேன். 'சுரீர்' என்று விரலில் அடித்தது. சத்தமே கேட்டது! அன்றிலிருந்து எனக்குப் பங்க் என்றாலே பயம். என் கணவர், "அந்தச் சின்னப் பொறிக்கெல்லாம் பெட்ரோல் பற்றாது, தீக்குச்சி வேண்டும்" என்கிறார். யார் சொல்வது சரி?

---

பழைய டிப்போக்காரன்

மீனா அம்மா, உங்கள் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கணவர் தவறு. நீங்களும் பயப்படும் அளவுக்கு இல்லை.

பெட்ரோல் ஆவி சரியான அளவில் காற்றோடு கலந்திருந்தால், அதைப் பற்றவைக்க 0.2 மில்லிஜூலுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். இந்த எண் எவ்வளவு சின்னது என்று சொல்ல ஒரு கணக்கு. மனித உடல் சுமார் 150 பிக்கோஃபாரட் கொள்ளளவுள்ள ஒரு மின்தேக்கி மாதிரி. செயற்கை இழைத் துணி இருக்கையில் உரசிக்கொண்டு இறங்கினால் 5000 வோல்ட் ஏறுவது சாதாரணம். அப்படி ஏறியிருந்தால் உங்கள் விரலில் இருந்து பாய்ந்தது ஏறக்குறைய 1.9 மில்லிஜூல். தேவையைப் போல ஒன்பது மடங்கு. 2000 வோல்ட் என்றாலும் 0.3 வரும். அது பலருக்கு உறைக்கவே உறைக்காது, ஆனால் ஆவிக்குப் போதும். ஆகவே விரலில் 'சுரீர்' என்று உணர்ந்தீர்கள் என்றால் அந்தப் பொறி பெட்ரோலுக்குத் தாராளமாகப் போதுமானது.

அப்படியானால் ஏன் தினமும் பங்க்குகள் எரியவில்லை? பொறி எங்கே பாய்ந்தது என்பதுதான் கேள்வி. நீங்கள் கதவைத் தொட்டீர்கள். அங்கே ஆவி இல்லை. பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் பற்றாது, 7.6 சதவீதத்துக்கு மேலே இருந்தாலும் பற்றாது. தொட்டிக்கு உள்ளே பெரும்பாலும் ஆவி அளவுக்கு மேல் இருக்கிறது. இரண்டடி தள்ளிக் காற்றில் கரைந்துபோகிறது. தொட்டியின் வாயில், நாசில் நுழையும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் சரியான கலவை நிற்கிறது. அதே பொறி அங்கே பாய்ந்தால்தான் ஆபத்து. நீங்கள் முன்னதாகவே கதவைத் தொட்டு இறக்கிவிட்டீர்கள். அந்தச் 'சுரீர்' உங்களுக்கு நல்லது செய்தது என்றுதான் சொல்வேன்.

அமெரிக்காவில் வண்டிக்காரரே நிரப்பிக்கொள்கிறார். நாசிலைத் தொட்டியில் மாட்டி, விசையைத் தாழிட்டுவிட்டு, குளிருக்கு மறுபடி காருக்குள் போய் உட்கார்வார். திரும்பி வந்து நாசிலைத் தொடுவார். முதல் தொடுதல் ஆவியின் நடுவில். அங்குள்ள பெட்ரோலிய உபகரண நிறுவனம் என்ற அமைப்பு இப்படிப்பட்ட தீ விபத்துகளை 170க்கும் மேல் தொகுத்தது. ஏறக்குறைய பாதியில் இதே கதைதான்: நடுவில் காருக்குள் போய்த் திரும்பியவர்கள். செல்போனால் பற்றியது என்று உறுதியான ஒன்றுகூட அதில் இல்லை.

நம் ஊரில் பருத்திச் சீருடையில் சிமென்ட் தரையில் நிற்கும் ஆள் நிரப்புகிறார், நாம் நாசிலைத் தொடுவதில்லை. அதனால் இந்த வகை விபத்து இங்கே குறைவு.

---

மதுரை மச்சக்காளை

செல்போன் ஆபத்து இல்லையென்றால் ஏன் பலகை வைத்திருக்கிறார்கள்? அவர்கள் என்ன முட்டாள்களா?

---

பம்ப் நம்பர் 3

பங்க்கில் வேலை செய்பவன் நான். அண்ணே, அந்தப் பலகைக்குக் கீழேயே கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறோம். ஒரு நாளைக்கு நூறு பேர் பம்பில் இருந்து ஓர் அடி தள்ளி நின்று போனைத் தூக்கிக் காட்டுகிறார்கள். நாங்களே சிரித்துக்கொள்கிறோம்.

---

பழைய டிப்போக்காரன்

முட்டாள்கள் இல்லை தம்பி. ஆவி இருக்கக்கூடிய இடத்தில் அதற்கென்று சோதித்துச் சான்று பெற்ற மின்கருவி தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது என்பது பொது விதி. போன் அப்படிச் சோதிக்கப்படவில்லை. கீழே விழுந்து பேட்டரி கழன்றால் பொறி வரக்கூடும் என்ற கோட்பாடும் உண்டு. அதனால் பலகை இருக்கட்டும். போனால் உண்மையில் வரும் கெடுதல் கவனம் சிதறுவதுதான். அலை பட்டுப் பற்றும் என்பதை மட்டும் மறந்துவிடுங்கள்.

நீங்கள் சொன்ன இன்னொரு தவறு இதைவிட முக்கியம். "இரும்பு என்றால் எங்கே வைத்தாலும் பயமில்லை" என்றீர்கள். இது ஆளைக் கொல்லும்.

குழாய்க்குள் பெட்ரோல் வேகமாக ஓடும்போதே மின்னூட்டம் ஏறுகிறது. அதோடு கேனுக்குள் விழுகிறது. கேன் தரையில் இருந்தால், அது வந்த வேகத்திலேயே தரைக்கு இறங்கிவிடும். அதே தகர டின்னை ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் ரப்பர் விரிப்பின் மேலோ, காரின் பின்பக்கக் கம்பளத்தின் மேலோ வைத்து நிரப்புங்கள். இப்போது டின்னுக்கு இறங்க வழி இல்லை. மின்னூட்டம் உலோகம் முழுக்கச் சேர்ந்து நிற்கும். நாசில் தரையோடு இணைந்தது. நாசில் டின்னின் வாயை நெருங்கும்போதோ விலகும்போதோ சேர்ந்தது அனைத்தும் ஒரே பொறியாகப் பாயும், அதுவும் சரியாக ஆவி நிற்கும் வாயில். பிளாஸ்டிக் என்றால் ஓரிடத்து மின்னூட்டம்தான் ஒரு நேரத்தில் பாயும். உலோகத்தில் மொத்தமும் ஒரே மூச்சில். பிக்-அப் வண்டிகளின் பின்தளத்தில் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் கேன் வைத்து நிரப்பியதால் தொடர்ந்து தீ வந்து, அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 1998இல் எச்சரிக்கையே வெளியிட்டது.

ஆகவே டின் எதுவானாலும் வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். நாசிலின் உலோக முனை டின்னின் வாய் விளிம்பைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கடைசிச் சொட்டு வரை. இந்தத் தொடுதல் இருந்தால் நாசிலும் டின்னும் ஒரே மின்நிலையில் இருக்கும், அவற்றுக்கு நடுவில் பாய்வதற்கு ஒன்றும் இருக்காது. மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் புனல் வைத்தால் இந்தத் தொடுதல் அறுந்துவிடும். புனல் வேண்டாம்.

---

யாழ் வடலி

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இங்கே கலன்களில் பெற்றோல் கொடுப்பதையே நிறுத்தினார்கள். காரணம் நிலைமின்சாரம் அல்ல, பதுக்கல். பிறகு கியூஆர் குறியீட்டில் பங்கீடு வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் என்று தொடங்கினார்கள். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரம் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. மோட்டார் சைக்கிளுக்கு அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து குழாய் போட்டு வாயால் உறிஞ்சி எடுத்தார்கள். என் மாமா அப்படி உறிஞ்சும்போது புரைக்கேறி, நெஞ்சில் நீர் கோர்த்ததுபோல் இருமி, ஐந்து நாள் ஆசுப்பத்திரியில் கிடந்தார். கலனில் கொடுக்கக் கூடாது என்று தடை போடுகிறவர்கள் அந்த வாய்க்குழாயைக் கணக்கில் எடுப்பதில்லை.

---

பழைய டிப்போக்காரன்

வடலி சொன்னது எல்லாரும் படிக்க வேண்டியது. பெட்ரோல் வயிற்றுக்குள் போவதைவிட மூச்சுக்குழலுக்குள் போவதுதான் கொடுமை. சில சொட்டு நுரையீரலில் இறங்கினாலே அங்கே அழற்சி வரும். அதனால்தான் குடித்துவிட்டவர்களை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வரும் வழியில் மறுபடி மூச்சுக்குழலில் இறங்கும். நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். குளிர்பானப் பாட்டிலை நான் வெறுப்பதற்கு இது இன்னொரு காரணம். வீட்டில் குழந்தை இருந்தால், அது பாட்டிலின் உருவத்தைப் பார்த்துத்தான் எடுக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

---

கோவை செந்தாமரை

பாட்டில் இருக்கட்டும். எங்கள் பகுதியில் ஒரு பங்க்கில் அளவு குறைவாகவே வருகிறது. நூறு ரூபாய்க்குப் போட்டால் முள் அசைவதே இல்லை. பாட்டிலில் பிடித்துப் பார்த்துத்தானே அளவை நிரூபிக்க முடியும்? அதைத் தடுக்கத்தான் பாட்டிலுக்குத் தர மறுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

---

பம்ப் நம்பர் 3

அக்கா, பாட்டிலில் பிடித்து அளவு பார்க்க முடியாது, அதில் கோடே கிடையாது. ஒவ்வொரு பங்க்கிலும் ஐந்து லிட்டர் அளவுக் கலம் ஒன்று இருக்கும், எடையளவுத் துறை முத்திரை போட்டது. சந்தேகம் என்றால் அதில் ஐந்து லிட்டர் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட வேண்டும். 25 மில்லி கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் குறைந்தால் புகார் செய்யலாம். நாங்களே தினமும் காலையில் அப்படித்தான் பார்க்கிறோம். கலத்தைத் தரையில் வைத்துத்தான் பிடிப்போம், ஐயா சொன்ன மாதிரியே. ஏன் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது.

ஐயா, எனக்கும் ஒரு கேள்வி. பைக்கில் வருகிறவர்களை இறங்கச் சொல்கிறோம். பாதிப் பேர் முறைக்கிறார்கள். குடும்பத்தோடு வந்தால் இறங்கவே மாட்டார்கள். இதுவும் நிலைமின்சாரத்துக்காகவா?

---

பழைய டிப்போக்காரன்

கொஞ்சம் அதற்காக, பெரும்பாலும் ஓடுவதற்காக. இருக்கையில் உரசிக்கொண்டே உட்கார்ந்திருப்பவரும் வண்டியும் ஒரே மின்நிலையில் இருப்பார்கள். நீங்கள் கொண்டுவரும் நாசில் வேறு நிலையில். இறங்கிக் காலைத் தரையில் ஊன்றினாலே பெரும்பகுதி இறங்கிவிடும். ஸ்டாண்டு தரையில் பட்டால் வண்டிக்கும் அப்படியே.

ஆனால் பைக் தீயில் நான் விசாரித்தவற்றில் அடிக்கடி கண்டது வேறு: வாய் வரை நிரப்பி, வழிந்து, சூடான இன்ஜின் மேல் இறங்கியது. துடைக்காமல் உடனே சாவியைத் திருப்பி உதைத்தார்கள். தொட்டி இரண்டு தொடைக்கு நடுவில் இருக்கிறது. உட்கார்ந்தபடி எரிந்தால் இறங்குவதற்குள் முடிந்துவிடும். குடும்பம் பின்னால் இருந்தால் இன்னும் தாமதம். முறைக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உங்களுக்காக. நிரப்பும்போது தொட்டி வாயில் தீப்பிடித்தால் கை தானாக நாசிலைப் பிடுங்கும். பிடுங்காதீர்கள். விசையை மட்டும் விட்டுவிட்டு, நாசில் அப்படியே இருக்க விலகுங்கள். உள்ளே ஆவி அதிகம், காற்று குறைவு. அதனால் வாயில் மட்டும்தான் எரியும். பிடுங்கினால் நாசிலில் இருக்கும் பெட்ரோல் எரிந்துகொண்டே உங்கள் மேலும் தரையிலும் கொட்டும். சொட்டுத் தீயை ஆற்றாக்குவது அந்த ஓர் அசைவுதான். அவசர நிறுத்தப் பொத்தானை இன்னொருவர் அழுத்தட்டும், பிறகு உலர்தூள் அணைப்பான்.

---

திருப்பூர் மீனா

அப்படியானால் நான் கதவைத் தொடுவதை நிறுத்தாமல் இருக்க வேண்டுமா? சிரிப்பாக இருக்கிறது.

---

பழைய டிப்போக்காரன்

ஆமாம் அம்மா, இறங்கும்போதே கதவின் உலோகச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். உரசி ஏறும்போதே இறங்கிவிடும், 'சுரீர்' என்றும் அடிக்காது. சென்னையில் காற்றின் ஈரத்தில் இது அரிதாகத்தான் வரும். திருப்பூரில் மாசியில் வரும்.

---

மதுரை மச்சக்காளை

சரி, இரும்பு விஷயத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். கடையில் 'பெட்ரோல் கேன்' என்று தடிமனான பிளாஸ்டிக்கில் விற்கிறார்களே, வெளிநாட்டில் எல்லாரும் சிவப்பு பிளாஸ்டிக் கேன்தானே வைத்திருக்கிறார்கள்? அது சரியா தவறா?

---

குமாஸ்தா

பிரிவு எட்டில் உலோகம், கண்ணாடி, பீங்கான் மட்டும்தான். அதற்கு மேல் நான் வளைக்க மாட்டேன்.

---

பழைய டிப்போக்காரன்

குமாஸ்தா சட்டத்தில் நிற்கிறார், நான் பொருளில் நிற்கிறேன். அதற்கென்றே தடித்த சுவரும் சரியான மூடியும் வைத்துச் செய்து சோதித்த பிளாஸ்டிக் கேன், தரையில் வைத்து நிரப்பினால், துருப்பிடித்த தகர டின்னைவிட எனக்கு நம்பிக்கையானது. ஆனால் நம் கடைகளில் 'பெட்ரோல் கேன்' என்று விற்பதில் பாதி தண்ணீர்க் கேன்தான், நிறம் மட்டும் வேறு. யார் சோதித்தார்கள் என்று அதில் பொறித்திருக்காது. இதில் எனக்கும் குமாஸ்தாவுக்கும் ஒத்துப்போகாது, விட்டுவிடுவோம்.

எலுமிச்சைத்தோட்டம் அண்ணாச்சி, எல்லாரும் பங்க்கைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உங்களுக்கு உண்மையான ஆபத்து பங்க்கில் இல்லை, தோட்டத்தில். டின்னை வாய் வரை நிரப்பாதீர்கள். காலையில் 28 டிகிரியில் பிடித்த ஐந்து லிட்டர், வெயிலில் 45 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 80 மில்லி பெருகும். பெருக இடமில்லை என்றால் மூடி வழியாகத்தான் வரும். ஐந்து லிட்டர் டின்னில் நான்கரைக்கு மேல் வேண்டாம். வெயிலில் கிடந்த டின்னைத் திறக்கும்போது 'புஸ்' என்று வந்தால் அது அத்தனையும் ஆவி. காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும்.

களை இயந்திரம் ஓடி நின்றதும் உடனே ஊற்றாதீர்கள். பத்து நிமிடம் ஆறட்டும். நிரப்பிய இடத்திலேயே கயிறு இழுக்காமல் பத்தடி தள்ளிக் கொண்டுபோய் இழுங்கள். பீடி பழக்கம் உள்ள ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். இது மூன்றும் செய்தால் நிலைமின்சாரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டிய நாள் அநேகமாக வராது.

---

எலுமிச்சைத்தோட்டம்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். தென்காசியில் ஐந்து லிட்டர் தகர டின் வாங்கினேன், திருகுமூடி. வழக்கமான பங்க்கில் மேலாளரிடம் உத்தரவைக் காட்டுங்கள் என்று மரியாதையாகக் கேட்டேன். காகிதம் இல்லை, "மேலே இருந்து சொன்னார்கள்" என்றார். கொடுக்கவும் இல்லை. அடுத்த ஊர்ப் பங்க்கில் பெயரும் வண்டி எண்ணும் நோட்டில் எழுதிக்கொண்டு நான்கு லிட்டர் கொடுத்தார்கள். தரையில் வைத்து, நாசில் விளிம்பைத் தொட்டபடி பிடிக்கச் சொன்னேன். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பின்னால் நின்ற டிராக்டர்காரர், "டீசலுக்கும் இப்படியா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு சிக்கல். ஒரே வாரத்தில் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் ஊறிப் பெருத்துப்போய்விட்டது. மூடி சரியாகத் திருகவில்லை. டின் போலியா?

---

பழைய டிப்போக்காரன்

டின் போலி இல்லை, வளையம்தான் தவறு. சாதாரண ரப்பரைப் போட்டிருக்கிறார்கள், அது பெட்ரோலில் ஊறிப் பெருக்கும். இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு கலந்து வருகிறது. மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், ஆட்டோ உதிரிபாகக் கடையில் அதே அளவுக்கு நைட்ரைல் வளையம் என்று கேளுங்கள். வாங்கியதும் ஒரு நாள் கொஞ்சம் பெட்ரோலில் போட்டுப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியப் பெருக்காவிட்டால் போடலாம். அதுவரை அந்த டின்னைப் படுக்க வைக்காதீர்கள்.

டிராக்டர்காரரிடம் சொல்லுங்கள்: டீசலின் ஆவி நம் சாதாரண வெப்பத்தில் பெட்ரோலைப் போல எளிதில் பற்றும் அளவுக்கு எழாது. ஆனால் முன்பு பெட்ரோல் வைத்திருந்த கேனைக் கழுவாமல் அதில் டீசல் பிடிக்கிறார் என்றால் அவருக்கும் இப்படித்தான்.